முகம் அறியாதவருக்கு முதல் மின்னஞ்சல்: நான்கு வேண்டுகோள்களில் எதைக் கேட்பது?

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் என் தங்கை மகள், கடந்த ஆடி மாதத்தில் ஒரு மின்னஞ்சலின் வரைவை எனக்கு அனுப்பி, "மாமா, இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க, அனுப்பலாமுங்களா?" என்று கேட்டாள். கோவையில் வசிக்கும், பருத்திச் சாயத்தில் நாற்பது ஆண்டு கைப்பழக்கம் உள்ள, இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்ட ஒருவருக்கு அவள் அதை எழுதியிருந்தாள். ஒரு கருத்தரங்கில் அவர் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள். அவருக்கு அவளைத் தெரியாது. வரைவு இப்படி இருந்தது:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, சாயத் துறையின் ஜாம்பவானாகத் திகழும் தங்களின் ஆழ்ந்த அறிவும் அனுபவமும் எங்களைப் போன்ற இளையோருக்குக் கலங்கரை விளக்கமாக விளங்குகின்றன. தங்களிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தால் அதை என் பாக்கியமாகக் கருதுவேன். தாங்கள் எனக்கு வழிகாட்டியாக இருந்து, என் பணியில் எழும் ஐயங்களைத் தீர்த்துவைக்க இயலுமா? தாங்கள் நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து சந்திக்கவும் தயாராக இருக்கிறேன். தங்கள் மேலான பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்."

இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாயங்களும் துணைப்பொருள்களும் விற்று வருபவன் என்பதால் எனக்கும் மாதத்துக்கு ஒன்றிரண்டு இத்தகைய கடிதங்கள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நான் பதில் எழுதியதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; படித்து முடித்ததும் என்ன எழுதுவதென்றே தெரிவதில்லை. "சரி, வழிகாட்டியாக இருக்கிறேன்" என்று எழுதினால் அதற்கு என்ன பொருள், எத்தனை மாதத்துக்கு என்பது எனக்குத் தெரியாது. "முடியாது" என்று எழுத மனம் வராது. ஆகவே நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறேன், அந்த நாளை வருவதில்லை. அவளுடைய வரைவும் அதே குழியில் விழும் என்று சொன்னேன்.

முதலில் புகழ்ச்சியைப் பற்றி. மரியாதைச் சொல் வேறு, புகழ்ச்சி வேறு. "ஐயா", "அவர்கள்", "தாங்கள்" என்பவை புகழ்ச்சி ஆகா. அவற்றை நீக்கினால்தான் தமிழில் கடிதம் முறைத்துப் பார்ப்பது போலாகிவிடும். கொங்குப் பேச்சில் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் "ங்க" அந்த மரியாதையைத் தானே சுமந்துவிடுகிறது. "வந்தனுங்க, பாத்தனுங்க" என்று பேசுகிறவர் எதிரில் இருப்பவரை ஒரு வரிகூடப் புகழ வேண்டியதில்லை. எழுத்துக்கு வரும்போது அந்த "ங்க" விழுந்துவிடுகிறது, ஏதோ குறைகிறது என்ற அச்சத்தில் அந்த இடத்தை ஜாம்பவானையும் கலங்கரை விளக்கத்தையும் கொண்டு நிரப்புகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வாக்கியம் புகழ்ச்சியா இல்லையா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: பெயரை மட்டும் மாற்றி, கரூரில் உள்ள ஒரு கண் மருத்துவருக்கு அதே வாக்கியத்தை அனுப்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். அனுப்ப முடிந்தால் அது அவரைப் பற்றிய வாக்கியமே அன்று. பெறுபவரும் அதை உடனே உணர்ந்துகொள்கிறார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அடுத்த பத்தியை ஐயத்துடனேயே படிக்கிறார்.

அந்த இடத்தில் எழுதத்தக்கது அவர் சொன்னதையோ செய்ததையோ பற்றிய ஒரு செய்தியும், அதை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும்தான். கருத்தரங்கில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "லேபில் சரியாக வரும் ஷேட் பல்க்கில் தவறினால், ரெசிபியைத் தொடுவதற்கு முன் தண்ணீரையும் உப்பையும் பாருங்கள் என்றார், மாமா. நான் அதைச் செய்தும் பார்த்தேன்" என்றாள். ஆய்வகத்தில் சிறு துண்டில் சாயம் போட்டுப் பார்ப்பது லேப், இயந்திரத்தில் மொத்தத் துணிக்கும் போடுவது பல்க்; கிடைக்கும் நிறம் ஷேட், எந்தச் சாயம் எவ்வளவு என்ற கணக்கு ரெசிபி. கடிதத்தில் இருந்திருக்க வேண்டிய இந்தச் செய்தி வரைவின் எந்த வரியிலும் இல்லை.

அடுத்து, என்ன கேட்பது என்ற முடிவு. "வழிகாட்டியாக இருங்கள்" என்பதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கேட்பது போன்றது அது. அதை விட்டால் எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: பதினைந்து நிமிடம் பேச நேரம் கேட்பது, அவள் எழுதி வைத்திருந்த சோதனைக் குறிப்பைப் படித்துக் கருத்துச் சொல்லக் கேட்பது, அவருக்குத் தெரிந்த சாய நிறுவன ஆய்வகம் ஒன்றுக்கு அறிமுகப்படுத்தக் கேட்பது, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கேட்பது.

பதினைந்து நிமிடம் என்பது சிறியதாகத் தெரிகிறது; பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் நாள் குறிக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று கடிதங்கள் போய் வர வேண்டும், குறித்த வேளையில் அவர் வேறு வேலையை ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பேச்சு எதைப் பற்றியது என்று தெரியாததால் அவரால் முன்கூட்டி யோசிக்கவும் முடியாது, பேச்சை நடுவில் முடிக்கவும் முடியாது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குக் கைப்பேசியில் நான்கு வரி தட்டுவதைவிடக் கூப்பிட்டுப் பேசுவது எளிது. ஏற்கெனவே ஒரு கல்யாணத்திலோ சங்கக் கூட்டத்திலோ இரண்டு வார்த்தை பேசிய பழக்கம் இருந்தால் முதல் வழியே நல்லது. முற்றிலும் அறியாதவருக்கு அது பொருந்தாது. அதற்குப் பதிலாக, எழுதச் சிரமமானால் குரல் பதிவாக அனுப்பலாம் என்று எண்ணைக் கீழே கொடுத்துவிடுவது போதும். அது இரண்டாவது வேண்டுகோள் ஆகாது, அதே பதிலுக்கு இன்னொரு வாசல்தான்.

குறிப்பைப் படிக்கச் சொல்லும் வழியில் இரண்டு சிக்கல்கள். "கருத்துச் சொல்லுங்கள்" என்ற வேண்டுகோளுக்கு முடிவு எங்கே என்று பெறுபவருக்குத் தெரியாது. ஒரு வரி எழுதினால் அலட்சியம் போலிருக்கும், முழுக்க எழுத அரைநாள் ஆகும். அறியாத இடத்திலிருந்து வரும் இணைப்பைப் பலர் திறப்பதுமில்லை. இரண்டாவது சிக்கல் எங்கள் தொழிலுக்கே உரியது. அவளுடைய குறிப்பில் ரெசிபி இருந்தது, சாயங்களின் விழுக்காடு இருந்தது, வாங்குபவரின் பெயரும் இருந்தது. அவை பட்டறையின் உடைமை; வெளியாளுக்கு அனுப்ப அவளுக்கு உரிமை இல்லை. வேலைக்குப் புதியவர்கள் ஆர்வத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். அனுபவம் உள்ள பெரியவர் அதைப் பார்த்தால், உதவ நினைத்தாலும் "இந்தப் பிள்ளை நாளைக்கு நான் சொல்வதையும் இப்படி வெளியே அனுப்பும்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அறிமுகம் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூல் கடனாக வந்து, துணி கடனாகப் போகும் ஊரில் "இன்னார் சொன்னார்" என்பது ஜாமீன் கையெழுத்து. முகம் தெரியாத ஒருவருக்காக யாரும் அதைப் போடுவதில்லை, போடக் கூடாது.

எஞ்சியது ஒரு கேள்வி. இதிலும் எல்லாக் கேள்வியும் சிறியதன்று. "லேப், பல்க் வேறுபாட்டை எப்படிச் சரிசெய்வது?" என்பது ஏழு சொற்களுக்குள் அடங்கிய ஒரு வரிதான், ஆனால் விடை ஒரு பருவப் பாடம். "ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு எதற்கு?" என்பதற்கு விடை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது; அதைக் கேட்டால் படிக்காமல் வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது, அவருடைய அனுபவத்தில் மட்டும் விடை இருக்கும், ஆனால் பேருந்துக்கு நிற்கும்போதே அவரால் பதில் அனுப்ப முடிகிற கேள்வி. அதை எட்ட வேண்டுமானால் சோதனைகளில் எவ்வளவு தூரம் தானே போக முடியுமோ அவ்வளவு தூரம் அவள் முதலில் போயிருக்க வேண்டும்.

அவள் போயிருந்தாள். விவரம் இதுதான். ஒற்றை ஜெர்சி பருத்தித் துணியில் நடுத்தர நீல நிறம். லேபில் ஐந்து கிராம் துண்டுகளில் போட்ட சாயம் வாங்குபவரால் ஏற்கப்பட்டது. அதே ரெசிபியில் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் போட்டபோது பல்க் வெளிறி வந்தது. நிறமாய்வுக் கருவியில் வேறுபாடு 2.1. அந்த வாங்குபவர் ஏற்கும் வரம்பு 1. கருத்தரங்கில் கேட்டதை நினைத்து, அவள் பல்க்குக்குப் போகும் தண்ணீரையும் உப்புக் கரைசலையும் வாளியில் எடுத்து வந்து, லேபில் அவற்றைக் கொண்டே அதே சாயத்தைப் போட்டுப் பார்த்தாள்.

திருப்பூருக்கு இந்தச் சோதனை ஏன் பொருந்துகிறது என்றால், நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு ஊர் மாறியது. தண்ணீரோடு உப்பும் கரைசலாகவே பட்டறைக்குத் திரும்பி வருகிறது. அந்தக் கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சம் கூடுதலாகத் தங்கியிருந்தால் கடினத்தன்மை ஏறிச் சாயம் மங்கும். லேபிலோ தூய தண்ணீர், பொட்டலத்து உப்பு. ஆகவே லேபுக்குள் பல்க்கின் தண்ணீரைக் கொண்டுவந்ததும் லேபின் துண்டும் பல்க்கை நோக்கி நகர்ந்தது. வேறுபாடு 2.1இலிருந்து 1.2 ஆயிற்று. ஒரு பங்கு விளங்கிவிட்டது, மீதி விளங்கவில்லை. அவளுடைய கேள்வி அந்த மீதியைப் பற்றியது.

அவள் இரண்டு காரணங்களை ஐயப்பட்டாள். லேபில் துணி ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு, இயந்திரத்தில் ஏழு பங்கு; இந்த விகித வேறுபாடு ஒன்று. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் சோடாவை லேபில் ஒரே தடவையில் ஊற்றுகிறார்கள், இயந்திரத்தில் படிப்படியாக ஏற்றுகிறார்கள்; இது மற்றொன்று. இரண்டையும் சோதிக்கப் பல்க்கில் இயந்திர நேரம் வேண்டும், முதலாளி ஒரு தடவைக்குத்தான் ஒப்புவார். எதை முதலில் சோதிப்பது என்பதே கேள்வியாயிற்று. அப்படி அமைந்தபோது "முதலாவது" அல்லது "இரண்டாவது" என்ற ஒரு சொல் விடையாகிவிடுகிறது. ஆனாலும் "அல்லது வேறு ஏதாவது" என்று மூன்றாவது கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். நம் ஐயமே தவறாக இருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மரியாதைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. பட்டறையின் டையிங் மாஸ்டரிடம் சொல்லிவிடச் சொன்னேன். தன் தலைக்கு மேல் வெளியாளைக் கேட்டாள் என்று பின்னால் தெரிந்தால் நல்ல பதில் வந்தாலும் அது பட்டறையில் செல்லாது. அவர், "கேளு சாமி, ரெசிபியை மட்டும் குடுத்துராதே" என்றாராம்.

கடைசியில் அனுப்பியது இது. பொருள் வரி: "பருத்தி நிட், லேப்–பல்க் ஷேட் வேறுபாடு: ஒரு கேள்வி".

"ஐயா அவர்களுக்கு வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். லேபும் பல்க்கும் பொருந்தாவிட்டால் ரெசிபிக்கு முன் தண்ணீரையும் உப்பையும் பாருங்கள் என்று கோவைக் கருத்தரங்கில் தாங்கள் கூறியதைக் கேட்டு, பல்க்கின் தண்ணீரையும் உப்புக் கரைசலையும் கொண்டு லேபில் சாயமிட்டுப் பார்த்தேன். நடுத்தர நீலத்தில் 2.1 ஆக இருந்த வேறுபாடு 1.2 ஆகக் குறைந்தது. பல்க் இன்னும் வெளிறியே இருக்கிறது.

மீதிக்குக் காரணம் துணி–தண்ணீர் விகிதமா (லேப் 1:10, பல்க் 1:7), சோடா ஏற்றும் முறையா என்று ஐயம். பல்க்கில் ஒரு சோதனைக்கு மட்டுமே வாய்ப்பு உண்டு. தாங்களாக இருந்தால் முதலில் எதைச் சோதிப்பீர்கள்: விகிதமா, சோடாவா, வேறு ஏதாவதா?

ஒரு சொல்லில் பதில் வந்தாலும் போதும். எழுதச் சிரமமானால் கீழுள்ள எண்ணுக்குக் குரல் பதிவாக அனுப்பலாம். நேரமில்லையெனில் விட்டுவிடலாம், நான் தவறாக எண்ண மாட்டேன்."

கீழே அவள் பெயரும் எண்ணும். கைப்பேசித் திரையில் ஒன்றரைத் தள்ளலில் முடிந்துவிடும் நீளம். ஆங்கிலத்தில் எழுதட்டுமா என்று கேட்டாள். நம் ஊரில் இத்தகைய கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. எழுத வரும் மொழியில் எழுதலாம் என்பதே என் எண்ணம், ஆனால் ஆங்கிலத்துக்குப் போனதும் அவளுடைய வாக்கியங்கள் மறுபடியும் கடன்வாங்கிய புகழ்ச்சியாக மாறின, அதனால் தமிழிலேயே விட்டோம்.

"ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்" என்ற முடிவை நீக்கியதில் அவளுக்கு வருத்தம். அந்த வரி பணிவாகத் தெரிந்தாலும் வேலை செய்வது கடன் நினைவூட்டலைப் போலத்தான். மறுப்பதற்கு எளிய வழி வைத்தால் மறுத்துவிடுவார்களே என்று அஞ்சினாள். மறுக்க விரும்புகிறவர் எப்படியும் மௌனமாக இருந்துவிடுவார். வழி வைத்ததால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

புதன்கிழமை காலையில் அனுப்பினாள். ஒரு வாரம் பதில் இல்லை. நாளுக்கு இரண்டு தடவை எனக்குத் தொலைபேசி வந்தது. பத்து நாள் பொறுத்து, அதே கடிதத்தின் கீழேயே, "ஐயா, முந்தைய கேள்வி தங்கள் பார்வைக்கு வந்ததா என்று அறியவே எழுதுகிறேன், இனி நினைவூட்ட மாட்டேன்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பலாம், அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வேலை வரவில்லை. ஒன்பதாம் நாள் இரவு பதில் வந்தது:

"இரண்டும் இல்லை. சாயம் போடும் முன் குளியலில் பெராக்சைடு மிச்சம் இருக்கிறதா என்று பட்டைத் தாளில் பார்க்கவும். லேபில் எந்தத் துணி பயன்படுத்துகிறீர்கள்?"

இந்தப் பதிலின் பொருள் அவளுக்குப் படித்தவுடனே விளங்கியது. வெளுக்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடு துணியில் தங்கிவிட்டால், அடுத்து வரும் ரியாக்டிவ் சாயத்தின் ஒரு பகுதியை அது சிதைத்துவிடும், நிறம் வெளிறும். பல்க்கில் வெளுத்த குளியலை, அதாவது துணி மூழ்கியிருந்த கரைசலை, வடித்துவிட்டு அதே இயந்திரத்தில் சாயத்துக்குப் போகிறார்கள். லேபிலோ எப்போதோ வெளுத்து, அலசி, காயவைத்த துணியைத்தான் எடுத்து வெட்டுகிறார்கள். அதில் பெராக்சைடு இருக்க வழியே இல்லை. ஆகவே லேபில் எத்தனை சோதனை செய்தாலும் இந்தக் காரணம் கண்ணில் பட்டிருக்காது. கதவை இரண்டோடு மூடியிருந்தால் அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கக்கூடும், ஒரே சோதனையும் அதில் வீணாகியிருக்கும்.

பெராக்சைடு இருந்தால் அந்தச் சோதனைப் பட்டைத் தாள் நீலமாகும்; மறுநாள் அது நீலமாக மாறியது. மிச்சப் பெராக்சைடை அழிக்கும் பெராக்சைடு கில்லரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டிய இடத்தில், இரவு ஷிப்ட்டில் அவசரத்துக்கு நான்கைந்து நிமிடத்தில் வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தைச் சரிசெய்து, தாள் நிறம் மாறாததைப் பார்த்த பிறகே சாயம் போடுவது என்று வைத்ததும் அடுத்த லாட்டில் வேறுபாடு 0.7.

நன்றிக் கடிதத்தை அவள் உடனே எழுதப் போனாள். மூன்று லாட் போகட்டும் என்றேன், ஏனென்றால் ஒரு லாட் தற்செயலாகவும் சரியாக வரலாம், அவருக்கும் அது தெரியும். மூன்று வாரம் கழித்து அவள் அனுப்பியதில் எந்த வேண்டுகோளும் இல்லை: "லேபில் முன்பே வெளுத்துக் காயவைத்த துணியைப் பயன்படுத்தி வந்தோம். தாளில் பெராக்சைடு தெரிந்தது. கில்லர் ஓடும் நேரம் குறைவாக இருந்தது. சரிசெய்த பின் மூன்று லாட்களில் 0.7, 0.8, 0.6. நன்றி ஐயா."

அன்று மாலையே மறுமொழி வந்தது. இந்தத் தடவை கேட்டவர் அவர்: "கில்லர் போடும்போது குளியலின் பி.எச். எவ்வளவு என்று பார்த்தீர்களா?"